நிரல் வெளி, சுழி வெளி: விடை பிசகும் இடங்கள்

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொட்டகையில், மாலை ஆறரைக்குப் பொறியியல் முதலாண்டுப் பிள்ளைகள் கணக்கு படிக்க வருவார்கள். பாதிப் பேர் தாம்பரம் பக்கத்திலிருந்து மின்சார ரயிலில் வருகிறவர்கள். செமஸ்டர் நெருங்கினால் எல்லோரும் ஒரே கேள்வியோடு வருவார்கள்: "சார், ஸ்டெப் எல்லாம் சரி, ஆனா ஆன்ஸர் தப்புங்கிறாங்க." நிரல் வெளிக்கும் சுழி வெளிக்கும் பேசிஸ் கண்டுபிடிக்கும் கணக்கில் இது அதிகம். படிகளில் பிழை இருக்காது. கடைசியில் எதை எங்கிருந்து எடுத்து எழுதுகிறோம் என்பதில்தான் இருக்கும். எந்த அறிகுறி தெரிந்தால் எங்கே பார்க்க வேண்டும் என்று கீழே எழுதியிருக்கிறேன்.

சொற்களை முதலில் பேசி வைத்துக்கொள்வோம். நிரை கிடக்கும், நிரல் நிற்கும். கல்லூரியில் 'காலம் ஸ்பேஸ்' என்பதை நான் நிரல் வெளி என்றுதான் எழுதுவேன். காலம் என்று எழுதினால் படிப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். 'நல் ஸ்பேஸ்' என்பது சுழி வெளி. பிவட், பேசிஸ் இரண்டும் அப்படியே இருக்கட்டும்.

சரியாகப் போட்ட கணக்கு ஒன்று

எல்லாப் பிழைகளையும் இந்த ஒரே அணியை வைத்தே பார்ப்போம்.

```
      [  1   2   2  -1 ]
A  =  [  2   4   5  -4 ]
      [ -1  -2   1  -5 ]
```

இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையை இரண்டு மடங்கு கழிக்கிறோம். மூன்றாம் நிரையோடு முதல் நிரையைக் கூட்டுகிறோம். அப்போது அவை (0, 0, 1, -2), (0, 0, 3, -6) என்று ஆகும். மூன்றாவதிலிருந்து இரண்டாவதை மூன்று மடங்கு கழித்தால் அது முழுக்கப் பூஜ்ஜியம். கடைசியாக, முதல் நிரையிலிருந்து இரண்டாவதை இரண்டு மடங்கு கழித்தால் சுருக்கிய ஏறுபடி வடிவம் வந்துவிடும்.

```
      [ 1  2  0   3 ]
R  =  [ 0  0  1  -2 ]
      [ 0  0  0   0 ]
```

பிவட் இருப்பவை முதல் நிரலும் மூன்றாம் நிரலும். அதனால் நிரல் வெளியின் பேசிஸ், A-இன் முதல் நிரலும் மூன்றாம் நிரலும்: (1, 2, -1), (2, 5, 1). பிவட் இல்லாத இரண்டாவதும் நான்காவதும் கட்டற்ற மாறிகளுக்கு உரியவை. R சொல்லும் சமன்பாடுகள் x1 + 2x2 + 3x4 = 0, x3 - 2x4 = 0. அதாவது x1 = -2x2 - 3x4, x3 = 2x4. x2 = 1, x4 = 0 என்று வைத்தால் (-2, 1, 0, 0). x2 = 0, x4 = 1 என்று வைத்தால் (-3, 0, 2, 1). சுழி வெளியின் பேசிஸ் இந்த இரண்டும்.

வேலை இவ்வளவுதான். இனி, உங்கள் தாளில் இது இல்லாமல் வேறு என்ன வந்திருக்கிறது என்று பார்ப்போம்.

அறிகுறி: நிரல் வெளிக்கு (1, 0, 0), (0, 1, 0) என்று வந்திருக்கிறது

நான் திருத்தும் தாள்களில் முதலிடம் இதற்குத்தான். R-இன் பிவட் நிரல்களையே எடுத்து எழுதிவிட்டீர்கள். எத்தனை வெக்டர்கள் என்பது சரியாக இருப்பதால் சந்தேகமே வராது.

சோதிக்க ஒரு வழி: உங்கள் வெக்டர்களைக் கூட்டியும் பெருக்கியும் A-இன் ஒவ்வொரு நிரலையும் உண்டாக்க முடிகிறதா என்று பாருங்கள். (1, 0, 0), (0, 1, 0) இரண்டையும் எப்படிக் கலந்தாலும் மூன்றாவது இடத்தில் பூஜ்ஜியம்தான் நிற்கும். A-இன் முதல் நிரலிலோ அங்கே -1 இருக்கிறது. A-இன் சொந்த நிரலே உள்ளே வராத ஒன்று A-இன் நிரல் வெளியாக இருக்க முடியாது.

ஏன் இப்படி ஆகிறது என்பதை ஒருமுறை புரிந்துகொண்டால் இந்தப் பிழை திரும்ப வராது. நிரைகளில் நாம் செய்யும் மாற்றங்கள் நிரல்களின் எண்களை மாற்றிவிடுகின்றன. ஆனால் நிரல்களுக்குள் இருக்கும் உறவை மாற்றுவதில்லை. R-ஐப் பாருங்கள்: நான்காம் நிரல் = 3 × முதல் நிரல் - 2 × மூன்றாம் நிரல். இதே உறவு A-இலும் அப்படியே இருக்கிறது: 3 × (1, 2, -1) - 2 × (2, 5, 1) = (-1, -4, -5). நான்காம் நிரல் அதேதான். இரண்டாம் நிரல் முதல் நிரலின் இரு மடங்கு என்பதும் இரண்டு அணிகளிலும் உண்மை. ஆகவே எந்த நிரல் புதிது, எது மற்றவற்றிலிருந்து வந்தது என்பதை R-இடம் கேட்கலாம். நிரல் என்ன என்பதை A-இடம்தான் கேட்க வேண்டும். நான் பிள்ளைகளிடம் சொல்வது: R-இலிருந்து வரிசை எண்ணை மட்டும் எடு, ஒன்று, மூன்று என்று தாளின் ஓரத்தில் எழுது, R-ஐக் கையால் மூடு, அப்புறம் A-ஐப் பார்த்து எழுது.

இன்னும் உறுதியான சோதனை வேண்டுமென்றால், நீக்கலில் பூஜ்ஜியமாகிப்போன நிரையைத் தேடிப் போங்கள். அது எப்படிப் பூஜ்ஜியமானது? முதலில் மூன்றாம் நிரையோடு முதல் நிரையைக் கூட்டினோம். பிறகு (இரண்டாம் நிரை - 2 × முதல் நிரை) என்பதை மூன்று மடங்கு கழித்தோம். மொத்தமாகப் பார்த்தால் 7 × முதல் நிரை - 3 × இரண்டாம் நிரை + மூன்றாம் நிரை = 0. இதன் பொருள், A-இன் எந்த நிரலை (a, b, c) என்று எடுத்தாலும் 7a - 3b + c = 0 ஆக வேண்டும். (2, 5, 1): 14 - 15 + 1 = 0. சரி. (1, 0, 0): 7. வெளியே. நிரல் வெளி என்பது இந்த 7a - 3b + c = 0 என்ற தளமேதான். பூஜ்ஜிய நிரை வந்ததும் 'ஒரு நிரை போச்சு' என்று அடித்துவிட்டு நகர்வார்கள். நிரல் வெளியின் சமன்பாடே அதற்குள்தான் இருக்கிறது.

அறிகுறி: சுழி வெளி வெக்டரை A-ஆல் பெருக்கினால் பூஜ்ஜியம் வரவில்லை

பெருக்கிப் பார்த்தீர்கள் என்பதே பெரிய விஷயம். காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று.

முதலாவது, குறி. R-இன் நான்காம் நிரலில் 3, -2 இருக்கின்றன. அதை அப்படியே (3, 0, -2, 1) என்று எழுதியிருப்பீர்கள். முதல் நிரையில் பெருக்கினால் 3 - 4 - 1 = -2. சமன்பாட்டை எழுதாமல் கண்ணாலேயே படித்தால் குறி மாறாமல் வந்துவிடும். எண் மறுபக்கம் போகும்போது குறி மாறும். அதனால் (-3, 0, 2, 1).

இரண்டாவது, இடம். இது கொஞ்சம் நயமான பிழை. போன மழைக்காலத்தில் ஒரு மாணவி நோட்டை நீட்டி, "செக் பண்ணிட்டேன் சார், ஜீரோதான் வருது" என்றாள். நோட்டில் (-3, 2, 0, 1) இருந்தது. பிவட் மாறிகளுக்கான -3, 2 இரண்டையும் வரிசையாக முதல் இரண்டு இடங்களில் போட்டுவிட்டு, மிச்ச இடத்தில் 0, 1 போட்டிருந்தாள். பிவட்டுகள் எப்போதும் முதலில் வரும் கணக்குகளையே போட்டுப் பழகிய கை அது. அவள் பெருக்கியது முதல் நிரையை மட்டும்: -3 + 4 + 0 - 1 = 0. உண்மையாகவே பூஜ்ஜியம்! A-இன் முதல் நிரையில் இரண்டாம் இடத்திலும் மூன்றாம் இடத்திலும் ஒரே எண் 2 இருப்பதால் இடம் மாறியது தெரியவில்லை. இரண்டாம் நிரையில் -6 + 8 + 0 - 4 = -2. குட்டு உடைந்தது.

"எல்லா நிரையையும் போடணுமா சார்?"

"எல்லாத்தையும் போடணும்மா."

இடம் மாறாமலிருக்க ஒரு பழக்கம் உண்டு. வெக்டரை எழுதத் தொடங்கும் முன் x1, x2, x3, x4 என்று நான்கு கட்டம் போடுங்கள். கட்டற்ற மாறிகளின் கட்டங்களில் 1, 0 இரண்டையும் முதலில் நிரப்புங்கள். மிச்சமிருக்கும் கட்டங்கள் தாமாகவே பிவட்டுகளுக்குப் போய்விடும்.

மூன்று எண்களே உள்ள வெக்டர் வந்திருந்தால் பெருக்கவே முடியாது. சுழி வெளி வெக்டருக்கு நிரல்களின் எண்ணிக்கை நீளம், இங்கே 4. நிரல் வெளி வெக்டருக்கு நிரைகளின் எண்ணிக்கை நீளம், இங்கே 3.

அறிகுறி: பெருக்கினால் எல்லா நிரையிலும் பூஜ்ஜியம், ஆனாலும் மதிப்பெண் போய்விட்டது

அப்படியானால் எழுதியது தப்பில்லை, எழுதாமல் விட்டது இருக்கிறது. பெருக்கிப் பார்க்கும் சோதனை தவறான வெக்டரைப் பிடிக்கும், விடுபட்ட வெக்டரைப் பிடிக்காது. இதைத் தெரியாமல் ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

இது எப்படி நடக்கும் என்று நம் கணக்கிலேயே பார்க்கலாம். மூன்றாம் நிரையோடு முதல் நிரையைக் கூட்டும்போது கடைசி எண் -5 + (-1) = -6. அவசரத்தில் -4 என்று போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். அடுத்த படியில் -4 + 6 = 2. பூஜ்ஜியமாகியிருக்க வேண்டிய மூன்றாம் நிரை (0, 0, 0, 2) ஆகி நிற்கும். நான்காம் நிரலிலும் ஒரு பிவட் முளைத்துவிட்டது. இப்போது கட்டற்ற மாறி x2 ஒன்றுதான். சுழி வெளிக்கு (-2, 1, 0, 0) மட்டும் கிடைக்கும். அதைப் பெருக்கினால் ஒழுங்காகப் பூஜ்ஜியம் வரும். நிம்மதியாகத் தாளை மடித்துக் கொடுத்துவிடுவீர்கள்.

எண்ணிக்கையைக் கூட்டிப் பார்ப்பதும் இங்கே காப்பாற்றாது. மூன்று பிவட், ஒரு கட்டற்ற மாறி, மொத்தம் நான்கு. கணக்கு சரியாகவே நிற்கும், ஏனென்றால் பிழை இரண்டு பக்கமும் சேர்ந்தே நகர்கிறது.

பிடிக்கும் வழி, பிவட் என்று நீங்கள் சொன்ன A-இன் நிரல்கள் உண்மையிலேயே ஒன்றையொன்று சாராதவையா என்று பார்ப்பது. மூன்று எண்கள் உள்ள மூன்று நிரல்கள் என்றால் அணிக்கோவை போதும். முதல், மூன்றாம், நான்காம் நிரல்களை எடுத்தால்:

```
|  1   2  -1 |
|  2   5  -4 |  =  1(-25 + 4) - 2(-10 - 4) + (-1)(2 + 5)
| -1   1  -5 |  =  -21 + 28 - 7  =  0
```

பூஜ்ஜியம். ஆக மூன்றும் சார்புள்ளவை, மூன்றாவது பிவட் பொய். பிழை எதிலிருந்து வந்தது என்று நிரை நிரையாகத் திரும்பிப் போக வேண்டியதுதான். நிரல்கள் நீளமாக இருந்து அணிக்கோவை போட முடியாத கணக்குகளில், கடைசியாக முளைத்த பிவட்டை உண்டாக்கிய படியை மட்டும் தனித்தாளில் மறுபடி போட்டுப் பார்க்கச் சொல்வேன். பொய்ப் பிவட் பெரும்பாலும் கடைசி நிரையில்தான் உட்கார்ந்திருக்கும், கூட்டல் பிழைகள் சேர்ந்து வந்து சேரும் இடம் அது.

எதிர்ப்புறமாகவும் நடக்கும். ஒரு நிரல் முழுக்கப் பூஜ்ஜியமாக இருந்தால் பிள்ளைகள் அதை இல்லாததாகவே நினைத்துவிடுகிறார்கள். (0, 1, 2), (0, 2, 4) என்ற இரண்டு நிரைகள் உள்ள அணியில் பிவட் இரண்டாம் நிரலில் மட்டும். கட்டற்ற மாறிகள் x1, x3 இரண்டு. எந்தச் சமன்பாட்டிலும் x1 தலைகாட்டாததால் அதை எழுத மறந்து, (0, -2, 1) மட்டும் எழுதுவார்கள். சமன்பாட்டில் வராத மாறிதான் முழுச் சுதந்திரம் உள்ளது. (1, 0, 0) என்பதும் பேசிஸில் சேர வேண்டும்.

அறிகுறி: பின்பக்க விடையில் வேறு வெக்டர்கள் இருக்கின்றன

உடனே அடித்துவிடாதீர்கள். ஒரே வெளிக்குப் பேசிஸ் பல உண்டு. நம் கணக்குக்கு ஒரு கைட் புத்தகத்தில் இப்படி விடை போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள்: நிரல் வெளி (1, 0, -7), (0, 1, 3), சுழி வெளி (-2, 1, 0, 0), (1, 1, -2, -1).

சுழி வெளியைச் சரிபார்ப்பது எளிது. உங்கள் வெக்டர்களில் கட்டற்ற இடங்கள் (இரண்டாவது, நான்காவது) 1, 0 என்றும் 0, 1 என்றும் இருக்கின்றன அல்லவா? அதனால் சுழி வெளியில் உள்ள எந்த வெக்டரையும் அந்த இரண்டு இடங்களைப் பார்த்தே பிரித்துவிடலாம். (1, 1, -2, -1) இல் இரண்டாம் இடம் 1, நான்காம் இடம் -1. அப்படியானால் அது (-2, 1, 0, 0) - (-3, 0, 2, 1) ஆக இருக்க வேண்டும். கழித்துப் பாருங்கள்: (1, 1, -2, -1). பொருந்திவிட்டது. அவர்களின் வெக்டர் உங்கள் வெளியில் இருக்கிறது. அவர்களின் இரண்டும் ஒன்றுக்கொன்று மடங்கு அல்ல, எண்ணிக்கையும் சமம். எனவே இரண்டு விடையும் ஒன்றே.

நிரல் வெளி விடை எங்கிருந்து வந்தது? A-இன் நிரல்களை நிரைகளாகத் திருப்பிப் போட்டு, அதைச் சுருக்கி, பூஜ்ஜியமாகாத நிரைகளை எடுத்திருக்கிறார்கள். அந்த வழியில் சுருக்கிய வடிவத்திலிருந்தே எடுக்கலாம், ஏனென்றால் நிரை மாற்றங்கள் நிரைகளின் வெளியை மாற்றுவதில்லை. உங்கள் வெக்டர்களின் முதல் இரண்டு எண்களைப் பார்த்து உடைத்துப் பாருங்கள்: 1 × (1, 0, -7) + 2 × (0, 1, 3) = (1, 2, -1). 2 × (1, 0, -7) + 5 × (0, 1, 3) = (2, 5, 1). உங்களுடையவை இரண்டும் வந்துவிட்டன. 7a - 3b + c = 0 சோதனையில் போட்டாலும் அவை தேறும்.

ஒரு எச்சரிக்கை. கேள்வியில் 'A-இன் நிரல்களிலிருந்தே' என்று கேட்டிருந்தால் (1, 0, -7) செல்லாது, அது A-இன் நிரலே அல்ல. கேள்வியின் அந்த ஒரு சொல்லுக்காக மதிப்பெண் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அறிகுறி: இரண்டு எண்ணிக்கைகளையும் கூட்டினால் நிரைகளின் எண்ணிக்கை வரவில்லை

வர வேண்டியதில்லை. பிவட்டுகளின் எண்ணிக்கையான தரமும் சுழி வெளியின் பரிமாணமும் கூடினால் நிரல்களின் எண்ணிக்கைதான் வரும், 2 + 2 = 4. ஒவ்வொரு நிரலும் பிவட் உள்ளது அல்லது இல்லாதது. எண்ணுவது நிரல்களை.

அறிகுறி: கணினி வேறு சொல்கிறது

கையால் போட்டதை சரிபார்க்க SymPy நல்லது, பின்னங்களைப் பின்னங்களாகவே வைத்துக்கொள்ளும்.

```
from sympy import Matrix
A = Matrix([[1, 2, 2, -1],
            [2, 4, 5, -4],
            [-1, -2, 1, -5]])
print(A.rref())
print(A.columnspace())
print(A.nullspace())
```

rref() காட்டும் பிவட் இடங்கள் (0, 2). இதைப் பார்த்துவிட்டு இரண்டாம் நிரலை எடுத்தவர்கள் உண்டு. அங்கே எண்ணிக்கை பூஜ்ஜியத்திலிருந்து தொடங்குகிறது, 0, 2 என்றால் நமக்கு முதலும் மூன்றாவதும். columnspace() கொடுப்பது A-இன் நிரல்களையே.

SciPy-இன் null_space() பயன்படுத்தினால் தசமங்களாக, அடையாளமே தெரியாத வெக்டர்கள் வரும். அவை ஒவ்வொன்றும் நீளம் ஒன்று, ஒன்றுக்கொன்று செங்குத்து. மேலே சொன்ன மாதிரி இரண்டாம், நான்காம் இடங்களை வைத்து உங்கள் வெக்டர்களால் கட்டிப் பாருங்கள், தசமப் பிசிறு போக அதேதான் வரும்.

நீங்களே எழுதிய நீக்கல் நிரல் (இங்கே நிரல் என்றால் புரோகிராம், தமிழின் குறும்பு) சுழி வெளி காலி என்று சொன்னால், அதில் `== 0` என்ற வரியைத் தேடுங்கள். பைத்தானில் 0.1 + 0.2 - 0.3 பூஜ்ஜியம் வராது, 5.55e-17 அளவில் ஒரு மிச்சம் வரும். (1, 0.3), (1, 0.1 + 0.2) என்ற நிரைகளைக் கொடுத்தால், இரண்டாம் நிரையில் அந்த மிச்சம் பிவட்டாக உட்கார்ந்துகொள்ளும், தரம் 2 என்று வரும். NumPy-இன் matrix_rank மிகச் சிறிய அளவை இல்லையென்றே எடுத்துக்கொண்டு 1 என்று சொல்லும். உங்கள் நிரலிலும் ஒரு வரம்பு வையுங்கள். அந்த வரம்பு அணியில் உள்ள எண்களின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். எண்கள் எல்லாமே 1e-12 அளவில் இருக்கும் அணிக்கு 1e-10 வரம்பு வைத்தால், இருக்கிற பிவட்டுகளும் காணாமல் போய், நிரல் வெளியே காலியாகிவிடும்.